இடைவெளி விட்ட ஃபோல்டரும் இரண்டாகப் படிக்கும் ஷெல்லும்

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிட்டா, அடங்கல் நகல் எடுக்கவும் ஸ்கேன் செய்யவும் அறுவடைக் காலத்தில் கூட்டம் நிற்கும். கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் போகிறவர்களுக்கு அந்தத் தாள்கள் வேண்டும். கடையில் இருப்பது லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர். அதில் இந்த ஆண்டு ஸ்கேன் செய்தவை `குறுவை` என்ற ஃபோல்டரிலும், சென்ற ஆண்டினுடையவை `குறுவை பழையது` என்ற ஃபோல்டரிலும் கிடக்கின்றன. டிஸ்க் நிறைந்துவிட்டது, பழையதை அழிக்க வேண்டும். டெர்மினலைத் திறந்து கடைப் பையன் இப்படி அடிக்கிறான்:

```
$ rm -r குறுவை பழையது
rm: cannot remove 'பழையது': No such file or directory
```

'பழையது' என்று எதுவும் இல்லை என்கிறது பதில். அழிக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவன் அடுத்த வேலைக்குப் போய்விடுவான். ஆனால் அழித்தல் நடந்து முடிந்திருக்கிறது. பழைய ஃபோல்டர் பத்திரமாக இருக்கிறது, போனது இந்த ஆண்டுக் குறுவை. டெர்மினலில் `rm` அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேராகப் போய்விடும். இன்னொரு நகல் வேறெங்காவது இல்லையென்றால் அத்தனை தாள்களையும் மறுபடி வாங்கி ஸ்கேன் செய்ய வேண்டியதுதான்.

இப்படி ஏதாவது நேர்ந்தால் "தமிழில் பெயர் வைத்ததால் வந்த வினை" என்று சொல்பவர்கள் உண்டு. தமிழ் எழுத்துக்கு இதில் பங்கே இல்லை. `திருக்காட்டுப்பள்ளி` என்று நீளமாகப் பெயர் வைத்தாலும் ஷெல்லுக்கு அது ஒரே சொல்தான், ஒரு தகராறும் வராது. `Kuruvai Old` என்று ஆங்கிலத்தில் வைத்திருந்தாலும் இதே கதிதான். சிக்கல் நடுவில் உள்ள இடைவெளியில் இருக்கிறது.

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்குள் வர முடியாதவை இரண்டே இரண்டு: `/` என்ற சாய்வுக்கோடும், மதிப்பு பூஜ்யமான பைட்டும். இடைவெளி தாராளமாக வரலாம், டிஸ்க்கும் கோப்பு முறைமையும் ஆட்சேபிப்பதில்லை. ஆட்சேபம் ஷெல்லில் தொடங்குகிறது. டெர்மினலில் நாம் அடிக்கும் வரியை `rm` படிப்பதில்லை, ஷெல்தான் படிக்கிறது. லினக்ஸில் பெரும்பாலும் அது பாஷ் எனப்படும் ஷெல். வரியை அது இடைவெளிகளில் வெட்டித் துண்டுகளாக்கும். முதல் துண்டு கட்டளை. மீதி எல்லாவற்றையும் அந்தக் கட்டளைக்குத் தனித்தனி உருப்படிகளாகக் கொடுக்கும். ஓட்டலில் நாம் கேட்ட 'நெய் ரோஸ்ட்'டை சர்வர் உள்ளே போய் "நெய் ஒண்ணு, ரோஸ்ட் ஒண்ணு" என்று சொன்னால் மாஸ்டர் என்ன செய்வார்? அவர் காதில் விழுந்ததைத்தானே கொடுப்பார்! `rm` கையில் வந்து சேர்ந்தவை `-r`, `குறுவை`, `பழையது` என்ற மூன்று. இரண்டாவதை அழித்தது, மூன்றாவதைத் தேடிக் காணவில்லை என்றது. தன் வேலையை அது சரியாகவே செய்திருக்கிறது.

எப்படித் துண்டாகிறது என்று கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. கீழேயுள்ள கட்டளை எதையும் மாற்றாது, தனக்கு வந்த ஒவ்வொரு உருப்படியையும் அடைப்புக்குள் போட்டு ஒரு வரியில் காட்டும்:

```
$ printf '[%s]\n' குறுவை பழையது
[குறுவை]
[பழையது]
$ printf '[%s]\n' "குறுவை பழையது"
[குறுவை பழையது]
```

இரண்டாவது முறை செய்ததுதான் தீர்வு. இரட்டை மேற்கோள்குறிக்குள் இருக்கும் இடைவெளி ஷெல்லுக்கு வெட்டும் இடமல்ல, வெறும் எழுத்து. வெட்டி முடித்ததும் மேற்கோள்குறிகளை ஷெல்லே கழற்றிவிடும். `rm` அவற்றைப் பார்ப்பதே இல்லை. ஒற்றை மேற்கோள்குறியும் இதே வேலையைச் செய்யும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு `$` போன்ற குறிகளில்தான்: இரட்டைக்குள் `$` தன் வேலையைத் தொடர்ந்து செய்யும், ஒற்றைக்குள் அதுவும் வெறும் எழுத்தாகிவிடும். மூன்றாவது வழி, இடைவெளிக்கு முன்னால் பின்சாய்வுக்கோடு போடுவது. அது தனக்கு அடுத்த ஒரே ஓர் எழுத்தின் சிறப்புப் பொருளை நீக்கும். ஆக, பையன் அடித்திருக்க வேண்டியது இவற்றில் ஏதாவது ஒன்று:

```
rm -r "குறுவை பழையது"
rm -r 'குறுவை பழையது'
rm -r குறுவை\ பழையது
```

பின்சாய்வுக்கோட்டை நாமே தேடி அடிக்க வேண்டியதில்லை. பெயரின் தொடக்கத்தை அடித்து டேப் விசையை அழுத்தினால் மீதியை ஷெல்லே நிரப்பும், இடைவெளி இருந்தால் `\` சேர்த்தே நிரப்பும். ஆனால் நம் உதாரணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. `குறுவை` என்பதே ஒரு முழுப் பெயராகவும் இருப்பதால் டேப் அந்த இடத்தோடு நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் இரண்டு பெயர்களையும் காட்டும். அங்கே `\` போட்டு ஓர் இடைவெளி விட்டு டேப் அழுத்தினால்தான் `பழையது` வந்து சேரும். டேப் நின்ற இடத்தில் வரி முடிந்துவிட்டதாக எண்ணி என்டர் தட்டினால் பழைய விபத்துதான்.

மேற்கோள்குறியிலும் ஒரு பொறி உண்டு. வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த கட்டளையை அப்படியே ஒட்டும்போது நேர்க்குறிகள் “ ” என்று வளைந்த குறிகளாக மாறியிருக்கலாம். ஷெல்லுக்கு வளைந்த குறி மேற்கோளே அல்ல. அதையும் பெயரின் ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டு, இடைவெளியில் வழக்கம்போல் வெட்டும். பிழைச் செய்தியில் பெயரோடு வளைந்த குறியும் ஒட்டிக்கொண்டு வந்தால் காரணம் இதுதான். குறிகளை மட்டும் அழித்துக் கையால் அடித்தால் போதும்.

கடைப் பையன் கைத்தவறாகச் செய்ததை ஆப்பிள் நிறுவனமே ஒருமுறை செய்திருக்கிறது. 2001 மார்ச்சில் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது மேக் கம்ப்யூட்டரின் அடியில் யூனிக்ஸ் வந்து உட்கார்ந்தது. 1984 முதல் மேக்காரர்கள் பெயரில் இடைவெளி விட்டுப் பழகியவர்கள், டிஸ்க்குக்கே 'மெகின்டாஷ் எச்டி' என்று இரண்டு சொல்லில் பெயர் இருந்தது. அந்தப் பழக்கமும் யூனிக்ஸ் ஷெல்லும் அதே ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில், ஐடியூன்ஸ் 2.0-ஐ நிறுவும் நிரலில் முட்டிக்கொண்டன. புதியதைப் போடுமுன் பழைய ஐடியூன்ஸை அழிக்க அதில் எழுதியிருந்த வரியின் சாரம் இது:

```
rm -rf $2Applications/iTunes.app
```

`$2` என்ற இடத்தில் டிஸ்க்கின் பாதை வந்து அமரும். ஒருவரிடம் `Mac`, `Mac 2` என்று இரண்டு பகுதிகள் இருந்து, இரண்டாவதில் நிறுவுகிறார் என்று கொள்ளுங்கள். பாதை `/Volumes/Mac 2/`. மேற்கோள் இல்லாததால் அது `/Volumes/Mac` என்றும் `2/Applications/iTunes.app` என்றும் இரண்டாக வெட்டுப்படும். முதல் துண்டு, அவருடைய இன்னொரு டிஸ்க் முழுவதும். இரண்டாம் துண்டு எங்கும் இல்லை. ஆனால் `-f` என்று கொடுத்திருந்ததால் 'காணவில்லை' என்ற முணுமுணுப்புகூட வராது. சிலருடைய டிஸ்க்கில் இருந்தவை இப்படித் துடைக்கப்பட்டன. ஆப்பிள் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்று, சில நாட்களில் 2.0.1-ஐ வெளியிட்டது. திருத்தம் ஒரு ஜோடி மேற்கோள்குறி:

```
rm -rf "$2Applications/iTunes.app"
```

இந்த விபத்து கையால் அடிப்பவர்களைவிட ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு முக்கியமானது. ஸ்கிரிப்டில் பெயர் கண்ணுக்குத் தெரியாது, `$f` போன்ற மாறியாக நிற்கும். `f="குறுவை பழையது"` என்று மேற்கோளோடுதானே வைத்தோம், பிறகேன் உடைகிறது என்று கேட்பார்கள். அந்த மேற்கோள் மதிப்பை வைக்கும்போதே கழன்றுவிட்டது. பின்னால் `cp -r $f` என்று வரும்போது ஷெல் மாறியின் மதிப்பை எடுத்து அங்கே வைத்து, வைத்ததை இடைவெளியில் மீண்டும் வெட்டுகிறது. எனவே பயன்படுத்தும் இடத்திலும் `"$f"` என்று எழுத வேண்டும். எல்லா ஃபோல்டர்களையும் பென்டிரைவுக்கு நகலெடுக்க:

```
for f in *; do
  cp -r "$f" /media/pen/
done
```

இங்கே `*` கொடுக்கும் பெயர்கள் வெட்டுப்படாமல் முழுதாகவே வரும். சிலர் `*` இருக்கும் இடத்தில் `$(ls)` என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் பெயர்கள் லூப்புக்குள் நுழையும்போதே துண்டாகியிருக்கும், பிறகு `"$f"` போட்டும் பயனில்லை.

இரட்டை மேற்கோளும் `$` போன்ற சில குறிகளைத் தவிர மற்றவற்றை வெறும் எழுத்தாக்கும் என்பதால் நட்சத்திரக் குறியை அதற்குள் அடைத்தால் அதுவும் செத்துவிடும். `"குறுவை பழையது/*.pdf"` என்று கொடுத்தால் `*.pdf` என்ற பெயரிலேயே ஒரு கோப்பைத் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும். மேற்கோளை ஃபோல்டர் பெயரோடு முடித்து `"குறுவை பழையது"/*.pdf` என்று எழுதினால் வேலை நடக்கும். `~` குறிக்கும் இதேதான்; அது மேற்கோளுக்கு வெளியே நிற்க வேண்டும்.

விண்டோஸில் இருந்து வருபவர்களுக்கு இதெல்லாம் வீம்பாகத் தோன்றலாம். அங்கே கமாண்ட் ப்ராம்ப்டில் `cd` மேற்கோள் இல்லாமலேயே `Program Files`-க்குள் போய்விடும். ஆனால் அங்கே இருக்கும் ஒரு நிரலை முழுப் பாதை கொடுத்து மேற்கோள் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள், `C:\Program` என்ற கட்டளையே இல்லை என்று பதில் வரும். வெட்டும் பழக்கம் அங்கும் உண்டு, `cd` மட்டும் சலுகை பெற்றது.

இப்போதைய லினக்ஸில் `ls` அடித்தால் இடைவெளி உள்ள பெயர்களைத் தானே மேற்கோளுக்குள் போட்டுக் காட்டும், 2016 முதல் இந்த வசதி இருக்கிறது. அந்தக் குறி பெயரின் பகுதியல்ல, எச்சரிக்கை. புதிதாக ஃபோல்டர் போடுகிறவர்கள் `குறுவை_பழையது` என்று அடிக்கோடு போட்டுவிட்டால் நிம்மதி. ஏற்கெனவே இருப்பவற்றை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் `rm` என்று தொடங்கும் வரியில் என்டர் தட்டும் முன் `rm -r` இருக்கும் இடத்தில் `printf '[%s]\n'` வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு அடைப்பு வந்து, அதற்குள் அழிக்க வேண்டிய பெயர் முழுதாக இருந்தால் அழிக்கலாம்.