மரக்கறி உணவினரும் புரதக் கணக்கும்

அட்டன் பகுதித் தோட்டமொன்றில் வாழும் மரக்கறி உணவினர் ஒருவர் நாள்தோறும் தேகப்பயிற்சி செய்யத் தொடங்குகிறார் என்று கொள்வோம். அவர் எடை 50 கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்தவர்க்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். ஆகவே இவருக்கு ஏறக்குறைய 42 கிராம் வேண்டும். பயிற்சியால் தசை புதுப்பிக்கப்படுவதால், கிலோவுக்கு 1.2 கிராம் என்று கொள்வது நலம். அப்போது தேவை 60 கிராம் ஆகிறது.

இதனை அடைவது எங்ஙனம்? ரொட்டிக்கான கோதுமை மா 200 கிராமில் சுமார் 20, அரிசி 150 கிராமில் 10, மைசூர்ப் பருப்பு 100 கிராமில் 24, ஒரு குவளைப் பாலில் 6. ஆக 60 கிராம். கோதுமையில் குறைவாயுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுசெய்கிறது. ஆதலின் ரொட்டியை மட்டும் கூட்டிப் பயனில்லை.

இவ்வளவுகள் யாவும் சமைக்காத பொருளுக்கே உரியன. வெந்த பருப்பு நீரை உறிஞ்சிப் பருப்பதால், அதில் 100 கிராமுக்கு 9 கிராம் புரதமே உண்டு. கறியை நிறுத்துக் கணக்கிடுவோர் ஏமாறுவது இங்கேதான். சிறுநீரக நோயுள்ளவர்க்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர் மருத்துவர் சொற்படி நடத்தல் வேண்டும்.