மாதம் 30 பவுண்டு

1916 ஆகஸ்ட் 8. இலங்கை அரசில் நீர்ப்பாசன இயக்குநராக இருந்த பால்ஃபர், விடுமுறை முடிந்து இங்கிலாந்திலிருந்து கொழும்புக்குக் கப்பலேறினார். மனைவி உடன் செல்லவில்லை. அவருக்கு மூட்டுவாதம். இன்னும் சில மாதங்கள் இங்கேயே இருந்து சிகிச்சை பெறுவது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். புறப்படும் முன் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து செலவுக் கணக்குப் போட்டார்கள். அந்த மாத மிச்ச நாள்களுக்கு 24 பவுண்டுக்கு ஒரு காசோலையைக் கொடுத்த கணவர், மனைவி திரும்பி வரும்வரை மாதம் 30 பவுண்டு தருவதாக வாயால் சொன்னார்.

மனைவி திரும்பிப் போகவே இல்லை. நாம் பிரிந்தே இருப்பது நல்லது என்று சில காலத்துக்குப் பின் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. 1918இல் மனைவி நீதிமன்றம் சென்று மணமுறிவுக்கான முதற்கட்ட ஆணையும் ஜீவனாம்ச உத்தரவும் பெற்றார். இவை போக, சொன்னபடி மாதம் 30 பவுண்டைத் தரவில்லை என்று ஒப்பந்தத்தின் பேரில் தனியாக ஒரு வழக்கும் போட்டார். விசாரணை நீதிபதி சார்ஜன்ட் மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கணவர் மேல்முறையீடு செய்தார். 1919இல் வந்த அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்புதான் ‘பால்ஃபர் எதிர் பால்ஃபர்’. ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் வழக்குகளில் ஒன்று.

சட்டக் கல்லூரியில் இப்படிப்பட்ட தீர்ப்பைப் படித்தால், அதை ஒரு பக்கத்துக்குள் அடக்கி எழுதச் சொல்வார்கள். நடந்தது என்ன, நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி என்ன, விடை என்ன, ஏன் அந்த விடை என்று நான்கு பகுதிகள். இதற்கு வழக்குச் சுருக்கம் என்று பெயர். கதையைச் சுருக்குவதுதான் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். கதையில் எந்தச் செய்தி தீர்ப்பைத் தூக்கி நிறுத்துகிறது என்று கண்டுபிடிப்பதே உண்மையான வேலை.

மேலே நான் சொன்னவற்றையே எடுத்துக்கொள்வோம். மூட்டுவாதம், காசோலை, கடிதம் எல்லாமே மனதில் நிற்கின்றன. ஆனால் நோயை எடுத்துவிட்டு, குழந்தையின் படிப்புக்காக மனைவி தங்கினார் என்று வைத்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. காசோலை 24 பவுண்டுக்கா 50 பவுண்டுக்கா என்பதும் அப்படியே. தீர்ப்பை மாற்றக்கூடிய செய்தி வேறிடத்தில் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் மனைவியே சொன்னது அது: அந்த ஆகஸ்டில் பிரிந்து வாழ்வதாக நாங்கள் முடிவு செய்திருக்கவில்லை, மனத்தாங்கல் பின்னால்தான் வந்தது, இணக்கமாக இருக்கும் தம்பதிகள் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடுதான் அது. இந்தச் சாட்சியம் இல்லாமல் எழுதிய சுருக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படாது.

அடுத்து கேள்வி. ‘கணவர் பணம் தர வேண்டுமா?’ என்று எழுதினால் அது வழக்கின் முடிவைக் கேட்கிறதே தவிர, சட்டத்தைக் கேட்கவில்லை. ‘ஒப்பந்தம் என்றால் என்ன?’ என்று எழுதினால் பாடப்புத்தகமே விடையாகிவிடும். இரண்டுக்கும் நடுவே, முக்கியமான உண்மைகளைத் தனக்குள் வைத்திருக்கும் கேள்வி வேண்டும்: இணக்கமாக வாழும் கணவன், சில காலம் தனித்திருக்க நேரும் மனைவிக்கு மாதச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்ன வாக்கு, வழக்குப் போட்டு வசூலிக்கத்தக்க ஒப்பந்தமா? கேள்வி இப்படி அமைந்துவிட்டால் விடைக்கு ஒரு வரி போதும். இல்லை, அது ஒப்பந்தமாகாது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, மனைவியின் வழக்கு தள்ளுபடியானது.

காரணங்களில்தான் நின்று நிதானிக்க வேண்டும். வாரிங்டன், டியூக், அட்கின் என்ற மூன்று நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள், ஆனால் ஒரே வழியில் வரவில்லை. டியூக் முக்கியமாகப் பார்த்தது மறுபயனை. கணவர் 30 பவுண்டு தருகிறார் என்றால் அதற்கு ஈடாக மனைவி எதைக் கொடுத்தார்? சட்டம் ஏற்கும்படி எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம். வாரிங்டன், இருவரும் பேசியதில் பேரம் என்று சொல்லத்தக்கது எதையும் காணவில்லை. 30 பவுண்டை வாங்கிக்கொண்டு, எந்த நிலை வந்தாலும் அதற்குமேல் கேட்கமாட்டேன் என்று மனைவி தன்னைக் கட்டிக்கொண்டதாகச் சொல்ல முடியுமா என்பது அவர் வாதம்.

அட்கின்தான் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறவர். மறுபயன் என்று ஏதாவது இருந்தாலும்கூட இது ஒப்பந்தமாகாது என்றார் அவர். இரண்டு பேர் சேர்ந்து உலாவப் போகலாம் என்று பேசிக்கொள்வதும் உடன்பாடுதான். அதை மீறினால் யாரும் வழக்குப் போடுவதில்லை. சட்டத்தால் கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் இரு தரப்பிலும் இருக்க வேண்டும். குடும்பத்துக்குள் நடக்கும் அன்றாட ஏற்பாடுகளில் அந்த எண்ணம் இருப்பதில்லை. அவற்றுக்கெல்லாம் வழக்கு எடுப்பதென்றால் நாட்டின் சிறு நீதிமன்றங்களை நூறு மடங்காக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இந்த நூறு மடங்கு வாசகம் மாணவர்களின் குறிப்பேட்டில் தவறாமல் இடம்பிடிக்கிறது. அது கவலைதான், விதி அல்ல. விதி, கட்டுப்படும் எண்ணம் பற்றியது. (வீட்டு வாசலில் சட்டம் நின்றுவிட வேண்டும் என்ற இந்தப் பார்வையால் நட்டப்படுவது பெரும்பாலும் மனைவிதான் என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது. நியாயமான விமர்சனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சுருக்கத்தில் அதை நீதிபதிகளின் காரணங்களோடு கலந்து எழுதக் கூடாது.)

எழுதிய சுருக்கம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தீர்ப்பிலிருந்து எடுத்த விதியை இன்னொரு வழக்கில் பொருத்திப் பார்க்கலாம். ‘கணவன் மனைவிக்குத் தரும் வாக்கு செல்லாது’ என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘எழுத்தில் இல்லாததால் செல்லாது’ என்று இன்னொருவர் எழுதுகிறார். இரண்டாவது உடனே விழுந்துவிடும். இங்கிலாந்துச் சட்டத்தில் வாய்மொழி ஒப்பந்தம் பொதுவாகச் செல்லும். பால்ஃபர் வழக்கில் எந்த நீதிபதியும் அதைக் காரணமாகச் சொல்லவும் இல்லை.

முதலாவது விழுவது 1970இல் வந்த ‘மெரிட் எதிர் மெரிட்’ வழக்கில். அங்கே கணவர் வேறொரு பெண்ணுடன் வாழப் போய்விட்டார். பிறகு இருவரும் அவருடைய காரில் உட்கார்ந்து பேசினார்கள். மாதம் 40 பவுண்டு தருவேன், அதிலிருந்து வீட்டுக் கடனை நீ கட்டிவிடு என்றார் கணவர். எழுதித் தராமல் காரைவிட்டு இறங்கமாட்டேன் என்றார் மனைவி. கடன் முழுவதும் அடைந்ததும் வீட்டை உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று கணவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். மனைவி கடனை அடைத்தார். கணவர் வீட்டை மாற்றித் தர மறுத்தார். வழக்கில் மனைவி வென்றார்.

பால்ஃபர் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை, அது இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றது. அங்கே தம்பதிகள் இணக்கமாக இருந்தார்கள், இங்கே பிரிந்துவிட்டார்கள். பிரிந்தவர்கள் அன்பை நம்பி வாக்கு வாங்குவதில்லை, எல்லாவற்றையும் உறுதிசெய்துகொள்ளவே பார்க்கிறார்கள். ஆகவே சட்டத்தால் கட்டுப்படும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது என்று கொள்ளலாம். குறுக்கு விசாரணைக் கூண்டில் நின்று, அந்த ஆகஸ்டில் நாங்கள் பிரிந்திருக்கவில்லை என்று திருமதி பால்ஃபர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால், அவருடைய வழக்கும் மெரிட் வழக்கின் பக்கம் சாய்ந்திருக்கலாம்.