பிடிஎஃப் அட்டவணை எக்செலில் ஏன் நகர்கிறது?

பிடிஎஃபில் நாம் காணும் அட்டவணைக்குள் பெரும்பாலும் கட்டங்களே இருப்பதில்லை. எந்த எழுத்து பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கிறது. அதனால் வங்கிக் கணக்கு அறிக்கையை நகலெடுத்து எக்செலில் ஒட்டினால், பற்று காலியாக உள்ள வரியில் வரவுத் தொகை நகர்ந்து பற்றில் உட்கார்ந்துவிடக்கூடும்.

ஒட்டாதீர்கள். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் 365 எக்செல் இருந்தால் Data > Get Data > From File > From PDF வழியே கோப்பைத் திறந்து, அட்டவணையைத் தேர்ந்து Transform Data அழுத்துங்கள். இரண்டாம் வரிக்கு மடிந்த விவரம் சில சமயம் தேதியில்லாத தனி வரிசையாக வரும். அதில் தொகை இல்லையென்றால் வடிகட்டி விலக்கலாம். விவரத்தின் வால் மட்டுமே போகும்.

தொடக்க இருப்புடன் வரவுகளைக் கூட்டிப் பற்றுகளைக் கழியுங்கள். இறுதி இருப்பு வராவிட்டால் ஏதோ ஒரு தொகை இடம் மாறியிருக்கலாம். சுட்டியால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாத ஸ்கேன் பக்கங்களுக்கு இந்த வழி உதவாது.