படத்தின் மூலையில் எரியும் தேதி

தொண்ணூறுகளில் எடுத்த கல்யாண ஆல்பம் எதைப் புரட்டினாலும், படங்களின் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தேதி இருக்கும். அந்தப் படங்களை இப்போது ஸ்கேன் செய்து பெரிதாக்கி மாட்ட நினைப்பவர்கள், முதலில் அதை எடுத்துவிட முடியுமா என்றுதான் கேட்கிறார்கள். முடியும். ஆனால் அந்த எண்கள் படத்துக்குள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால், அவற்றுக்கு அடியில் இருந்த காட்சியைக்கூடப் பல இடங்களில் மீட்டுவிடலாம்.

தேதியை அச்சடித்தது லேப் அல்ல, கேமராவே. பெரும்பாலான கேமராக்களில் பின்மூடிக்குள் ஒரு குட்டி விளக்கு இருந்தது. ஷட்டர் திறக்கும் நேரத்தில் அது எண்களின் வடிவத்தில் ஃபிலிமின் முதுகுப் பக்கமாக மின்னும். வண்ண ஃபிலிமில் பூச்சுகள் அடுக்கடுக்காக இருக்கும். லென்ஸைப் பார்த்த மேல் அடுக்கு நீல ஒளியைப் பிடிக்கும், நடு அடுக்கு பச்சையை, அடி அடுக்கு சிவப்பை. விளக்கின் ஒளி முதுகு வழியாக நுழைவதால் சிவப்பு அடுக்கில்தான் முதலில் படுகிறது. பச்சையைக் கொஞ்சம் தொடுகிறது. நீல அடுக்கை எட்டுவது மிகச் சொற்பம். சிவப்பு நிறைய, பச்சை கொஞ்சம் என்று சேர்ந்தால் கிடைப்பதுதான் ஆரஞ்சு.

எனவே இந்தத் தேதி, காட்சியின் மேல் பூசி அதை மறைத்த பெயின்ட் மாதிரி இல்லை. காட்சியோடு கூடுதலாகச் சேர்ந்த ஒளி அது. நீல அடுக்கில் காட்சி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. இதைக் கவனிக்காமல் எடுத்ததும் அழிக்கத் தொடங்குவது பெரிய நஷ்டம்.

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் பெரியவர்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் படம். மூலையில் '96 5 24 என்று தேதி. '96 சிவப்பு சிமென்ட் தரையின் மேல் விழுந்திருக்கிறது, 5 ஜமுக்காளத்தின் பட்டைகள் மேல், 24 ஓரத்தில் இருக்கும் பெரியவரின் வேட்டி மடிப்புகள் மேல். ஒரே தேதி, மூன்று விதமான வேலை.

முதலில் ஸ்கேன். கையகல பிரிண்டை 600 dpi-யில் ஸ்கேன் செய்தால், இரண்டரை மில்லிமீட்டர் உயர எண் சுமார் 60 பிக்சல் உயரம் வரும், வேலை செய்ய அது போதும். கோப்பை TIFF ஆகச் சேமியுங்கள். JPEG நிறங்களைத் தோராயமாக்கிச் சுருக்கும்போது, எண்ணின் ஆரஞ்சு சுற்றிலும் பல பிக்சல் தூரத்துக்குக் கசிந்துவிடும். ஃபிலிமிலேயே எண்ணைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவட்டம் உண்டு, அதோடு இதுவும் சேர்ந்தால் அழிக்க வேண்டிய இடம் தேவையில்லாமல் பெரிதாகிவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளே இந்த வேலைக்குப் போதும். தரையில் தொடங்கலாம். அது வெறும் சிவப்புத் தரை, வடிவம் ஏதும் இல்லை. இங்கே Heal கருவி நன்றாக வேலை செய்யும், ஆனால் நேராக அதை எடுக்கக் கூடாது. Heal, தான் தொடும் இடத்தின் விளிம்பில் என்ன நிறம் இருக்கிறதோ அதற்கு ஏற்ப ஒட்டுப்போடும். விளிம்பில் ஆரஞ்சு வட்டம் மிச்சமிருந்தால் தரை முழுவதும் ஆரஞ்சு கறையாகப் பரவும். அதனால் Clone கருவியால் பக்கத்துத் தரையை எடுத்து, எண்ணையும் அதன் ஒளிவட்டத்தையும் தாராளமாக மூடிவிட்டு, ஒட்டுத் தெரியும் ஓரங்களில் மட்டும் Heal போடுங்கள்.

ஜமுக்காளத்தில் Heal உதவாது, பட்டைகளின் ஓரத்தைக் குழப்பிவிடும். Clone மட்டும்தான். பட்டையின் விளிம்புக் கோட்டின் மேலேயே, எண்ணுக்குச் சற்றுத் தள்ளி, மாதிரி எடுக்கும் புள்ளியை வையுங்கள். தூரிகையையும் அதே கோட்டின் மேல் வைத்துத் தொடங்குங்கள். Alignment என்பது Aligned ஆக இருந்தால் கோடு கோட்டோடு பொருந்தி நீளும்.

வேட்டிதான் உண்மையான சோதனை. ஒரு மடிப்பைப் போல் இன்னொன்று இருக்காது என்பதால் பக்கத்திலிருந்து கடன் வாங்க வழியில்லை. அப்படி வாங்கினால் அந்த வேட்டியில் இல்லாத மடிப்பை நாமே உண்டாக்கியதாகிவிடும். இங்கேதான் நீல அடுக்கைத் தேட வேண்டும். லேயரை ஒரு நகல் எடுத்து, Colors மெனுவில் Components, அதற்குள் Extract Component சென்று RGB Blue தேர்ந்தெடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக மாறும். மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண் அநேகமாகக் காணாமல் போயிருக்கும், அது இருந்த இடத்தில் வேட்டியின் மடிப்புகள் தொடர்ச்சியாகத் தெரியும். இருபத்தெட்டு வருஷமாகவோ முப்பது வருஷமாகவோ எண்ணுக்கு அடியில் கிடந்த மடிப்பு அப்படி வெளியே வருவதைப் பார்ப்பதற்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

இந்த நகல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, எண்ணும் ஒளிவட்டமும் இருக்கும் இடத்தில் மட்டும் மென்மையான தூரிகையால் வெள்ளை தீட்டுங்கள். ஆரஞ்சு போய், சாம்பல் நிற எண்ணாக நிற்கும். வேட்டி வெள்ளைதான் என்றாலும், மண்டப விளக்கிலும் வயதான பிரிண்டிலும் அது சற்று மஞ்சளாகத்தான் இருக்கும். உதாரணமாக, Color Picker கருவி பக்கத்து மடிப்பில் சிவப்பு 150, பச்சை 140, நீலம் 122 என்று காட்டுகிறது. நம் நகலிலோ மூன்றுமே 122. மாஸ்க்கை விட்டு அந்த லேயரையே தேர்ந்துகொண்டு Levels திறந்து, Red சேனலில் நடு முக்கோணத்தை மெல்ல இடப்பக்கம் நகர்த்துங்கள், பிறகு Green சேனலில் அதைவிடக் குறைவாக. சரியான இடம் வந்ததும் எண் கண்ணெதிரே வேட்டியில் கரைந்துவிடும்.

இந்த வழிக்கு எல்லைகள் உண்டு. கறுப்பு வெள்ளை நகலிலும் எண் பளிச்சென்று தெரிந்தால், விளக்கின் ஒளி நீல அடுக்கையும் எரித்துவிட்டது என்று பொருள். மீட்க அங்கே ஒன்றும் இல்லை, Clone தான் கதி. ஒரே நிறத் துணியில்தான் இது சுலபம். மயில்கழுத்து நிறப் பட்டில் தங்க ஜரிகை என்றால், நீலத்தில் ஜரிகை கறுத்தும் பட்டு வெளுத்தும் தலைகீழாக வரும். பட்டை இந்த வழியில் சரிசெய்து, ஜரிகையைத் தனியாக Clone செய்ய வேண்டியிருக்கும். நீல சேனலில் ஃபிலிமின் மணல்மணலான கிரெய்னும் அதிகம், அது ஒட்டில் சற்றுக் கரகரப்பாகத் தெரியலாம்.

முடிந்ததா என்று பார்க்க, படத்தை 100 சதவீத அளவில் வையுங்கள். ஒட்டுப்போட்ட இடம் சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாக இருந்தால் கண் உடனே அங்கே போகும். அந்த இடத்தை Heal இல்லாமல் Clone மட்டும் கொண்டு திரும்பச் செய்யுங்கள். பிறகு இன்னொரு நகலில் RGB Red மட்டும் பிரித்துப் பாருங்கள். வண்ணத்தில் தெரியாத எண்ணின் நிழல் சிவப்பில் மாட்டிக்கொள்ளும்.

அழித்த படத்தை வேறு பெயரில் சேமியுங்கள், முதல் ஸ்கேனைத் தொடாதீர்கள். தேதியையும் கோப்புக்குள் எழுதி வைத்துவிடலாம். அதற்கு exiftool என்ற இலவச நிரல் இருக்கிறது:

```
exiftool "-DateTimeOriginal=1996:05:24 00:00:00" kalyanam.tif
```

எழுதுமுன் கல்யாணப் பத்திரிகையோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பேட்டரி மாற்றியபின் தேதி வைக்க மறந்த கேமராக்கள் நிறைய. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையையும் கேமராவில் மாற்ற முடியும் என்பதால், 5 6 என்று இருந்தால் அது மே 6-ஆ, ஜூன் 5-ஆ என்பதைப் பத்திரிகைதான் சொல்லும்.