அரிவாள் கை நழுவிய பிறகு

விடியற்காலை. வாய்க்கால் மடையில் நின்று செல்வம் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு முறை அவருடையதல்ல, பக்கத்து வயல் முருகேசனுடையது. விஷயம் தெரிந்து முருகேசன் அரிவாளோடு வருகிறார். வாய்ச்சண்டை முற்றுகிறது. செல்வத்தின் இறந்துபோன தாயைப் பற்றித் தகாத வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே முருகேசன் அரிவாளை வீசுகிறார். செல்வம் இடது கையை நீட்டித் தடுக்க, முழங்கைக்குக் கீழே ஆழமாக வெட்டு விழுகிறது. வலது கையில் இருந்த மண்வெட்டியின் காம்பால் அவர் ஓங்கி அடிக்கிறார். அடி தோளில் பட்டு, முருகேசன் கையிலிருந்து அரிவாள் நழுவுகிறது. முருகேசன் திரும்பி வரப்பில் ஓடத் தொடங்குகிறார். செல்வம் அந்த அரிவாளை எடுத்துக்கொண்டு 30 அடி துரத்திப் பின்கழுத்தில் வெட்டுகிறார். முருகேசன் அங்கேயே இறந்துவிடுகிறார். செல்வம் செய்த குற்றம் என்ன?

இது நான் கற்பனையாக அமைத்த கதை. ஆனால் சட்டக் கல்லூரித் தேர்வில் ஏறக்குறைய இதே உருவத்தில்தான் கேள்வி வரும். விடை எழுதுகிறவர்களில் ஒரு பாதி 'தற்காப்பு, ஆகவே விடுதலை' என்று எழுதிவிடுவார்கள். இன்னொரு பாதி 'ஆத்திரமூட்டல், ஆகவே தண்டனை குறையும்' என்பார்கள். இரு தரப்பும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். நடந்தது முழுவதையும் ஒரே செயலாக எடுத்துக்கொண்டு அதற்கு ஒரே பெயரைத் தேடுகிறார்கள். இந்தக் கதையில் இருப்பது இரண்டு செயல்கள். இரண்டுக்கும் நடுவே அரிவாள் கீழே விழுகிறது. சட்டத்தின் கேள்வியும் அங்கேதான் மாறுகிறது.

தற்காப்பும் ஆத்திரமூட்டலும் ஒரே ரகமான வாதங்கள் அல்ல. தற்காப்பு, வரப்போகிற ஆபத்தைப் பார்க்கிறது: இப்போது நான் அடிக்காவிட்டால் எனக்கு என்ன ஆகும்? ஆத்திரமூட்டல், நடந்து முடிந்ததைப் பார்க்கிறது: அவன் செய்த காரியத்தால் நான் என்னை இழந்தேனா? முதலாவது நிரூபணமானால் குற்றமே இல்லை. செல்வம் வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது நிரூபணமானாலும் குற்றம் குற்றம்தான். கொலை என்ற பெயர் மட்டும் நீங்கி, கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்று ஒரு படி கீழே இறங்கும். அதனால் விடையில் தற்காப்புதான் முதலில் வர வேண்டும். முழு விடுதலை கிடைக்குமா என்று பார்க்காமல் பாதிச் சலுகையைத் தேடிப் போகிற வக்கீலை யாரும் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடப்பில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள் இதில் 34 முதல் 44 வரை வருகின்றன. எண்கள் மாறியிருக்கின்றன, சாரம் மாறவில்லை. பழைய தீர்ப்புகள் இன்றும் செல்லுபடியாவது அதனால்தான்.

முதல் செயலை எடுத்துக்கொள்வோம்: மண்வெட்டிக் காம்படி. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் எழுந்தால், எதிரியைக் கொல்லும் அளவுக்குக்கூட உரிமை நீளும் என்கிறது 38-ஆம் பிரிவு. கழுத்தை நோக்கி வருகிற அரிவாளைவிடத் தெளிவான அச்சம் வேறு என்ன வேண்டும்? வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதுகூட இல்லை. அச்சம் எழுந்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடும் என்கிறது 40-ஆம் பிரிவு. காவல்துறையை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது என்ற வரம்பு 37-ஆம் பிரிவில் உண்டு. ஆனால் விடியற்காலை மடையில் அதற்கு ஏது நேரம்? 'ஓடித் தப்பியிருக்கலாமே' என்று எதிர்த்தரப்பு கேட்கும். தாக்கப்படுகிறவன் ஓடித்தான் ஆக வேண்டும் என்று நம் சட்டம் சொல்வதில்லை. உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது மட்டும் உண்டு. அதையும் பொன் நிறுக்கிற தராசில் வைத்து நிறுக்கக்கூடாது என்பது நீதிமன்றங்களின் நிலை. அரிவாளுக்கு முன்னால் நிற்பவன் கணக்குப் போட்டு அடிக்க முடியாது.

தண்ணீர் முறையை மீறியவர் செல்வம்தானே, முருகேசனுக்கும் தன் தண்ணீரைக் காக்கிற உரிமை இல்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இதை எழுப்பினாலே மதிப்பெண் கூடும். உடைமையைக் காக்கிற உரிமை உண்டு. ஆனால் அது உயிரைப் பறிக்கும் அளவுக்கு நீள்வது கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், குடியிருப்புக்குத் தீவைத்தல் போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டும்தான் என்று 41-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மடை திருப்பியதற்கு அரிவாள் வீச்சு அந்த எல்லைக்குள் அடங்காது. ஆகவே முருகேசனின் வீச்சு சட்டவிரோதம், செல்வத்தின் காம்படி சட்டப்படியானது. அந்த அடியிலேயே முருகேசன் இறந்திருந்தால் விடை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அவர் இறந்தது அந்த அடியில் அல்ல.

அரிவாள் கீழே கிடக்கிறது. முருகேசன் முதுகைக் காட்டி ஓடுகிறார். ஆபத்தைப் பற்றிய அச்சம் நீடிக்கிறவரைதான் உரிமையும் நீடிக்கும். அச்சம் ஓய்ந்தால் உரிமையும் ஓய்ந்தது. இங்கே கேள்வியை இன்னொரு முறை படிக்க வேண்டும். முருகேசன் எந்தப் பக்கம் ஓடினார்? இன்னொரு ஆயுதம் வைத்திருக்கிற மோட்டார் கொட்டகையை நோக்கி ஓடினார் என்று ஒரு வரி இருந்தால், 'திரும்பி வருவான் என்று பயந்தேன்' என்ற வாதத்துக்கு உயிர் இருக்கும். இந்தக் கேள்வியில் அப்படி ஒரு வரி இல்லை. கேள்வியில் இல்லாத உண்மையை விடையில் சேர்க்கக்கூடாது.

கொலைக்கு விளக்கம் தருகிற 101-ஆம் பிரிவில் சில விதிவிலக்குகள் இருக்கின்றன. இரண்டாம் விதிவிலக்கு, தற்காப்பு உரிமையை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தும்போது எல்லை மீறியவருக்கு உரியது. பலர் செல்வத்தை இதில் அடைத்துவிடுவார்கள். உரிமை கையில் இருக்கிறபோதுதான் அதை மீற முடியும். முடிந்துபோன உரிமையை எப்படி மீறுவது? முருகேசன் ஆயுதத்தோடு நிற்கும்போதே செல்வம் மூன்று, நான்கு அடி கூடுதலாக அடித்திருந்தால் இந்த விதிவிலக்கு பொருந்தியிருக்கும். 30 அடி துரத்தியதற்குப் பொருந்துவது கடினம்.

இப்போதுதான் ஆத்திரமூட்டலின் முறை வருகிறது. முதல் விதிவிலக்கு கேட்பது இவை: ஆத்திரமூட்டல் கடுமையானதாகவும் திடீரென்று வந்ததாகவும் இருக்க வேண்டும், அதனால் தன்னை அடக்கும் சக்தி போயிருக்க வேண்டும், அது போயிருக்கும்போதே சாவு நேர்ந்திருக்க வேண்டும். இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது நானாவதி வழக்கு. 1959 ஏப்ரல் 27-ஆம் தேதி கடற்படை அதிகாரி நானாவதியிடம் அவருடைய மனைவி, வேறொருவருடன் தனக்கு இருந்த உறவைச் சொல்லிவிட்டார். நானாவதி குடும்பத்தைச் சினிமா அரங்கில் இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போய்க் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வாங்கினார். அஹுஜாவை முதலில் அவருடைய அலுவலகத்திலும் பிறகு வீட்டிலும் தேடிப்போய்ச் சுட்டார். செய்தி கேட்டதற்கும் சுட்டதற்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தது. அதே சமூகத்தைச் சேர்ந்த ஒரு சாதாரண மனிதனும் நிலைகுலைந்து போகக்கூடிய செய்திதான் அது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இடைவெளியில் கொதிப்பு ஆறியிருக்க வேண்டும், திட்டமிடவும் நேரம் இருந்தது என்று 1961-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. சொல்லும் சைகையும்கூட ஆத்திரமூட்டலாகலாம், முன்பு நடந்தவை ஏற்றிவைத்த மனச்சுமையையும் கணக்கில் எடுக்கலாம் என்று அதே தீர்ப்பு சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்த மனச்சுமையை வைத்து 1989-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி முன்னே போனது. கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து, பிள்ளைகள் இறக்கத் தான் மட்டும் பிழைத்த தாயின் வழக்கு அது. நாள்பட்டுச் சேர்ந்துவரும் ஆத்திரமூட்டலையும் நீதிமன்றம் ஏற்றது. நல்லதங்காள் கதையின் பெயரையே தீர்ப்பில் எடுத்தாண்டது. 'திடீர்' என்ற சொல்லைக் கடிகாரத்தை வைத்து மட்டும் அளந்தால், ஆண்டுக்கணக்கில் அடிவாங்கிய பெண்ணுக்கு இந்த விதிவிலக்கு என்றைக்குமே எட்டாது. இந்தத் தீர்ப்பு இன்னும் அதிகமாகப் படிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

செல்வத்துக்கு வருவோம். தாயைப் பற்றிய ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு 'கடுமையான' என்று வாதாடுவது நிற்காது. வார்த்தையோடு அரிவாள் வெட்டும் சேர்ந்தால் நிற்கும். நேரம் சில நொடிகள்தான், இடையில் அவர் எங்கும் போய்வரவில்லை. கொல்வதற்கு ஒரு சாக்காக அவரே ஆத்திரத்தைத் தேடிக்கொண்டாரா என்றும் பார்க்க வேண்டும். மடை திருப்பியது தவறுதான், ஆனால் அது தண்ணீருக்காகச் செய்தது. இன்னொரு தடையும் உண்டு. எதிராளி சட்டப்படி தற்காத்துக்கொண்டதை ஆத்திரமூட்டலாகக் காட்ட முடியாது. முருகேசன் செய்தது தற்காப்பு அல்ல என்று முன்பே கண்டோமே, அது இங்கே கைகொடுக்கிறது. செல்வம் முதலில் அடித்து, அதைத் தடுக்கத்தான் முருகேசன் அரிவாளை எடுத்திருந்தால் இந்தக் கதவும் மூடியிருக்கும்.

திடீர்ச் சண்டைக்கான நான்காம் விதிவிலக்கையும் இரண்டு வரியில் தொட்டுவிட வேண்டும். நியாயமற்ற அனுகூலம் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அதன் நிபந்தனை. நிராயுதபாணியாக ஓடுகிறவரின் பின்கழுத்தில் வெட்டியவருக்கு அது கிடைக்காது.

இனி நிரூபிக்கும் பொறுப்பு. விதிவிலக்கைக் கோருகிறவர்தான் காட்ட வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். செல்வம் வாயே திறக்காவிட்டாலும், சாட்சியத்திலேயே அது தெரிந்தால் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இங்கே இடது கை வெட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. மருத்துவமனைக் காயச் சான்றிதழில் அது பதிவாகியிருக்க, அரசுத் தரப்பு சாட்சிகள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாவிட்டால், அவர்கள் கதையின் தொடக்கத்தை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் எழும்.

ஆகவே முடிவு இப்படி எழுதப்படும்: காம்படிக்குத் தற்காப்பு உண்டு, அதற்குக் குற்றமில்லை. கழுத்து வெட்டுக்குத் தற்காப்பு இல்லை, எல்லை மீறல் விதிவிலக்கும் இல்லை. முதல் விதிவிலக்கு பொருந்துவதால் கொலைக்கான 103-ஆம் பிரிவு விலகி 105-ஆம் பிரிவு வருகிறது. கொல்லும் எண்ணம் இருந்ததால் அதன் கடுமையான பகுதி பொருந்தும்: ஆயுள் சிறை, அல்லது 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அபராதத்துடன். இதே செல்வம் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து முருகேசனின் வீட்டுவாசலில் போய் வெட்டியிருந்தால், விடை நானாவதியின் பக்கம் சாய்ந்து 103-க்கே திரும்பிவிடும்.