'எடுத்துட்டாங்க' என்பதை நேர்காணலில் சொல்வது எப்படி?

மென்பொருள் வேலைக்கான நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார ஆரம்பித்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. "போன வேலையை ஏன் விட்டீங்க?" என்ற கேள்வியை எல்லாரிடமும் கேட்போம். உண்மையான பதில் "எடுத்துட்டாங்க" என்பதாக இருக்கும்போது, ஒன்று பழைய கம்பெனி மேல் குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள், இல்லையென்றால் வேறு கதை சொல்வார்கள். இரண்டுமே எதிரே இருப்பவருக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

நடந்ததற்குச் சரியான பெயர் வைப்பதுதான் முதல் வேலை. ஆட்குறைப்பு என்றால் அந்த இடமே காலி. பணிநீக்கம் என்றால் இடம் இருக்கிறது, ஆள் வேண்டாம். நம்ம ஐ.டி. துறையில் அதிகம் நடப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ளது. பி.ஐ.பி. என்று முப்பது நாளோ அறுபது நாளோ கெடு கொடுத்து, கடைசியில் "நீங்களே பேப்பர் போட்டுடுங்க" என்பார்கள். ரிலீவிங் லெட்டரில் ராஜினாமா என்றுதான் இருக்கும். அதனால் "நானா விட்டேன்" என்று சொல்லிவிடலாம் என ஒரு ஆசை வரும். அல்லது அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடந்திருந்தால் அதில் ஒளிந்துகொள்ளத் தோன்றும். "உங்க டீமில் எத்தனை பேரை எடுத்தாங்க?" என்று நான் அடுத்துக் கேட்டால் அந்தக் கதை நின்றுவிடும். அதைத் தாண்டினாலும் ஆஃபருக்குப் பிறகு பின்னணிச் சரிபார்ப்பு இருக்கிறது. அந்த ஏஜென்சி பழைய எச்.ஆரிடம் வழக்கமாகக் கேட்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகிய காரணம், திரும்ப எடுப்பீர்களா என்பவை. சில கம்பெனிகள் தேதியை மட்டும் சொல்லும், சில எல்லாவற்றையும் சொல்லும். எது என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. இடைவெளியை மறைக்க மாதங்களை இழுத்துப் போட்டால், பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி நண்பர் ஒருவரின் கதை. சொல்ல அனுமதி உண்டு, பெயர் வேண்டாம். பதினோரு வருஷ அனுபவம், பெரும்பாலும் வங்கி ப்ராஜெக்டுகள், ஜாவா. ஒரு நடுத்தர ப்ராடக்ட் கம்பெனியில் சேர்ந்தார். நாலாவது மாசம் மேனேஜர் மாறினார். டீமின் வேலை புது அம்சங்கள் எழுதுவதிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைக் காப்பாற்றுவதற்கு நகர்ந்தது. ராத்திரி அழைப்பு வந்தால் தனியாகப் பார்க்கணும். நண்பருக்கு அதில் பழக்கமே இல்லை, ஒவ்வொரு முறையும் இன்னொருவரை எழுப்பினார். அறுபது நாள் பி.ஐ.பி.யில் மூன்று இலக்குகள். ஒன்றை முடித்தார், இரண்டை முடிக்கவில்லை. போகச் சொல்லிவிட்டார்கள்.

நேர்காணலுக்கு முன் என்னிடம் ஒத்திகை பார்த்தார். முதல் பதில் இப்படி வந்தது: "புது மேனேஜர் வந்தார். அவருக்குத் தன் ஆளுங்களைக் கொண்டுவரணும். எனக்குச் சொன்ன வேலை ஒண்ணு, கொடுத்த வேலை ஒண்ணு. பி.ஐ.பி.ங்கறது ஒரு கண்துடைப்பு."

பேசியதை அப்படியே எழுதி, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார் என்று அடிக்கோடு போடச் சொன்னேன். (இலக்கணப் பைத்தியம் எனக்கு எதிலும் வந்து ஒட்டிக்கும்.) நாலு வாக்கியத்தில் ஒன்றில்கூட 'நான்' இல்லை. சொன்னதும் கொடுத்ததும் யாரோ, வந்தது மேனேஜர். தன் கதையிலேயே நண்பர் ஆளாக இல்லை. மறுநாள் அதற்கு நேர் எதிராக, எல்லா வாக்கியமும் 'நான்' என்று ஆரம்பிக்கும் ஒரு பாவமன்னிப்புப் பதிப்பு கொண்டுவந்தார். "நான் தகுதி இல்லாமல் சேர்ந்தேன்" என்கிற மாதிரி. அதுவும் உண்மை இல்லை. வேலை மாறியது உண்மைதானே?

சிக்கல் இங்கேதான். பழைய கம்பெனியின் பங்கும் கதையில் உண்டு, அதை விழுங்கச் சொல்வது நேர்மை ஆகாது. நடந்ததைச் சொல்லலாம், அவர்கள் மனசில் என்ன இருந்தது என்று சொல்லக் கூடாது. "நாலாவது மாசம் டீமின் வேலை மாறியது" என்பது நிகழ்ச்சி. "என்னை ஏமாத்திட்டாங்க" என்பது ஊகம். அந்த மேனேஜர் அதே அறையில் உட்கார்ந்திருந்தால் எந்த வாக்கியத்தை மறுத்துப் பேசுவார்? அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதைத் தைரியமாகச் சொல்லலாம்.

கடைசியில் நின்ற பதில் இது. அவர் சொன்னது ஆங்கிலத்தில், நான் தமிழில் தருகிறேன்:

"அங்கே பதிமூன்று மாசம் இருந்தேன். நாலாவது மாசத்தில் டீமின் வேலை ப்ரொடக்ஷன் பராமரிப்புக்கு மாறியது. எனக்கு அதில் அனுபவம் குறைவு, எதிர்பார்த்த வேகத்தில் நான் கத்துக்கலை. ஒரு பி.ஐ.பி. இருந்தது, மூன்று இலக்கில் இரண்டை நான் எட்டலை, ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு சின்ன கம்பெனியில் நாலு மாச ஒப்பந்தத்தில் வாரம் ஒரு நாள் ராத்திரி அழைப்புகளை நானே பார்த்தேன். அங்கே இருந்த டீம் லீடிடம் நீங்கள் பேசலாம்."

முக்கால் நிமிஷம்தான். இதற்கு மேல் நீட்டினால், கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். கடைசி இரண்டு வாக்கியம்தான் எனக்கு முக்கியம். "இப்ப நிறைய கத்துக்கிட்டேன்" என்று எல்லாரும் சொல்வார்கள், அதை நான் சரிபார்க்க வழியில்லை. ஒரு டீம் லீடுக்குப் ஃபோன் போட முடியும்.

அடுத்து வரும் கேள்விகளுக்கும் தயாராக இருக்கணும். "உங்க மேனேஜரைக் கேட்டால் என்ன சொல்வார்?" என்பது நான் தவறாமல் கேட்பது. நண்பரின் பதில்: "கோட் சுத்தமா எழுதுவார், நெருக்கடி நேரத்தில் மெதுவா இருப்பார்னு சொல்வார்." "அவங்க செஞ்சது நியாயமா?" என்று சிலர் கொக்கி போடுவார்கள். "அந்த வேலைக்கு அவங்களுக்கு அப்போ வேறு ஆள் தேவைப்பட்டது" என்று நிறுத்திக்கொண்டார். குரலில் எரிச்சல் மிச்சம் இருந்தால் இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும். அதனால் ஒத்திகையில் இதையே நாலைந்து முறை கேட்டேன், இரண்டாவது முறையே கோபப்பட்டார்.

இந்த முறை எல்லா இடத்திலும் வேலை செய்யாது. 'பணிநீக்கம்' என்ற சொல்லைக் கேட்டதும் விண்ணப்பத்தை மூடும் கம்பெனிகள் உண்டு. நண்பரை இரண்டு இடத்தில் முதல் எச்.ஆர். அழைப்போடு நிறுத்தினார்கள், மூன்றாவது இடத்தில் எடுத்தார்கள். ஒழுங்கு நடவடிக்கை காரணமாக வேலை போயிருந்தாலோ, வழக்கு நடந்துகொண்டிருந்தாலோ கதையே வேறு. அங்கே என்ன சொல்லலாம் என்று முதலில் வக்கீலைக் கேட்கணும்.

சொன்னதையே கடைசிவரை சொல்லணும், அவ்வளவுதான். முதல் அழைப்பில் எச்.ஆரிடம் சொன்னதும், டெக்னிக்கல் சுற்றில் சொன்னதும், சரிபார்ப்புப் படிவத்தில் `Reason for leaving` என்ற கட்டத்தில் எழுதுவதும் ஒன்றாக இருக்கணும். நண்பர் அந்தக் கட்டத்தில் "பி.ஐ.பி.க்குப் பிறகு நிறுவனம் கேட்டுக்கொண்டபடி ராஜினாமா" என்ற பொருளில் ஒரே வரி எழுதினார். சரிபார்ப்பு அறிக்கை வந்தபோது பழைய கம்பெனி காரணம் எதையும் சொல்லாமல் தேதிகளை மட்டும் கொடுத்திருந்தது.