எந்த பில்லில் கூடியது, எதனால் கூடியது?

கடந்த 2025 ஜூனில் ஒரு சகோதரி கரண்ட் பில் கட்ட உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். ஜூன் மாத பில் 2,292 ரூபாய். "மீட்டரில்தான் கோளாறு, பரிசோதிக்கப் பணம் கட்டப் போகிறேன்" என்றார். அவருடைய போனில் மூன்று பில்களின் ஸ்கிரீன்ஷாட் இருந்தன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தோம்.

தொகையை மட்டும் பார்த்தால் பிப்ரவரியில் 893, ஏப்ரலில் 1,427, ஜூனில் 2,292. ஜூனில்தான் ஒரேயடியாக 865 ரூபாய் ஏறியிருக்கிறது. ஆனால் யூனிட்டைப் பார்த்தால் கதை வேறு. 340, 440, 530. ஏப்ரலில் கூடியது 100 யூனிட், ஜூனில் கூடியது 90தான்.

அடுத்து ரீடிங் எடுத்த தேதிகளைப் பார்த்தோம். (பலர் ஸ்கிரீன்ஷாட்டில் தொகை தெரிந்தால் போதும் என்று இந்த இடத்தை வெட்டிவிடுகிறார்கள்.) பிப்ரவரி பில் 61 நாளுக்கு, ஏப்ரல் பில் 59 நாளுக்கு, ஜூன் பில் 64 நாளுக்கு. யூனிட்டை நாளால் வகுத்தால், நாளொன்றுக்குச் சுமார் ஐந்தரை, ஏழரை, எட்டேகால் என்று வருகிறது. அந்த வீட்டில் செலவு உண்மையில் தாவியது ஏப்ரல் பில்லில்தான். காரணத்தை அவரே சொன்னார். மார்ச் முழுக்க ரமலான். ஸஹருக்கு எழுந்ததும் லைட், ஃபேன், மோட்டார், மிக்ஸி என்று எல்லாம் ஓடும். பெருநாளுக்கு மகள் குடும்பமும் வந்து தங்கியிருந்தது. அதன் பிறகு வெயிலும் சேர்ந்துகொண்டது.

அப்படியானால் ஜூனில் தொகை ஏன் அப்படி ஏறியது? 2024 ஜூலையிலிருந்து அப்போது நடப்பில் இருந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான். 500ஐத் தாண்டினால் அந்த நூறுக்கும் 4.70 ஆகிவிடும். அதனால் மட்டும் 235 ரூபாய் கூடும். தாண்டிய யூனிட் ஒவ்வொன்றுக்கும் 600 வரை 8.40. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501க்கு 2,048 ரூபாய் 40 காசு!

ரீடிங் 60ஆம் நாளில் எடுக்கப்பட்டிருந்தால் இவர் 497 யூனிட்டில் நின்றிருப்பார், பில் 1,786 ரூபாய். மீதி 33 யூனிட் அடுத்த பில்லுக்குப் போயிருக்கும், இலவசமாகியிருக்காது. ஆனாலும் 500ஐத் தாண்டிய நஷ்டம் இருந்திருக்காது.

மீட்டரில் ஒருவகைப் பழுது இருந்தால் மின்சாரம் எதுவும் ஓடாதபோதும் ரீடிங் ஏறும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பார்க்கச் சொன்னோம். எண் நகரவில்லை. பரிசோதனைக்கு வைத்திருந்த பணத்தை பில்லுக்கே கட்டினார், குறைந்ததை அறக்கட்டளை கொடுத்தது. இப்போது ஐம்பதாவது நாளில் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறித்து வைக்கிறார். 430ஐத் தொட்டிருந்தால் மீதி நாள்களில் அயர்ன் பாக்ஸை எடுப்பதில்லை என்கிறார்.